முதலில் பாஸ்புக்கைத் திறந்து வையுங்கள்

பென்ஷன்

வணக்கம். "பென்ஷன்" என்ற ஒரே ஒரு சொல்லைத்தான் நீங்கள் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். நீங்கள் ஐயாவா அம்மாவா, எந்த ஊர், என்ன வேலையில் இருந்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. அது பரவாயில்லை. ஒரு வங்கிக் கிளையின் பென்ஷன் கவுண்ட்டரில் இருபது வருடத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தவன் நான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, பாஸ்புக்கை நீட்டி, இந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு விஷயம் தெரியாமல் இல்லை, எங்கிருந்து ஆரம்பிப்பது என்றுதான் தெரியாது. அதனால் நானே ஒவ்வொன்றாகக் கேட்கிறேன். நீங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரே சொல்லில் பதில் எழுதினாலும் போதும்.

கேட்பதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். பதில் எழுதும்போது பென்ஷன் உத்தரவில் இருக்கிற பி.பி.ஓ. எண், வங்கிக் கணக்கு எண், ஆதார் எண் எதையும் முழுதாக எழுத வேண்டாம், எனக்கு அவை தேவைப்படாது. போனில் கூப்பிட்டு "லைஃப் சர்டிபிகேட் புதுப்பித்துத் தருகிறோம், வந்திருக்கிற ஓ.டி.பி.யைச் சொல்லுங்கள்" என்று யாராவது கேட்டால் பேசாமல் வைத்துவிடுங்கள். உங்கள் விரலோ கண்ணோ முகமோ அந்த இடத்தில் இல்லாமல் நீங்கள் உயிரோடு இருப்பதைக் காட்டும் அந்தச் சான்றைப் போனிலேயே போட்டுத்தர யாராலும் முடியாது.

சரி, முதல் கேள்வி. உங்களுக்குப் பென்ஷன் கொடுப்பது யார்? "பேங்க்தான் கொடுக்குது" என்று சொல்வார்கள், ஆனால் வங்கி அந்தப் பணம் வந்து இறங்குகிற இடம் மட்டும்தான். மாநில அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர் என்றால் உங்கள் கோப்பு கருவூலத்தில் இருக்கும். மத்திய அரசு வேலை, ராணுவம், ரயில்வே என்றால் அதற்கு வேறு வழி. மில், கம்பெனி, கூட்டுறவுச் சங்கம் மாதிரியான இடத்தில் பி.எஃப். பிடித்தம் செய்து வேலை பார்த்தவர் என்றால் உங்களுடையது ஊழியர் ஓய்வூதியத் திட்டம் 1995, அதைக் கொடுப்பது பி.எஃப். அலுவலகம். இவை எதுவும் இல்லாமல் மாதம் 1,200 ரூபாய் மட்டும் வருகிறது என்றால் அது பெரும்பாலும் முதியோர் உதவித்தொகையாக இருக்கும், அதற்குப் போக வேண்டிய இடம் தாலுகா அலுவலகம். எது என்று உங்களுக்கே சந்தேகமாக இருந்தால், பென்ஷன் ஆரம்பித்தபோது கொடுத்த பி.பி.ஓ. தாளை எடுத்துப் பாருங்கள், தலைப்பிலேயே எந்த அலுவலகம் என்று இருக்கும். இதை முதலில் கேட்பதற்குக் காரணம், தப்பான அலுவலகத்து வாசலில் மாதக்கணக்கில் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். பி.எஃப். பென்ஷன்காரர் கருவூலத்துக்குப் போனால் அங்கே அவர் பெயரே இருக்காது, அவரோ தன் பெயரை எடுத்துவிட்டார்கள் என்று பயந்துபோவார்.

இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. பென்ஷன் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையா, வந்துகொண்டிருந்தது நின்றுவிட்டதா, குறைந்துவிட்டதா, அல்லது சரியாக வந்தும் உங்கள் கைக்குக் கிடைக்கவில்லையா? இந்த நான்கில் எது என்று தெரிந்துவிட்டால் மீதி வழி சுலபம். கடைசியாகச் சொன்னதைப் பலர் வெளியே சொல்லமாட்டார்கள். ஏ.டி.எம். கார்டு வீட்டில் வேறு யார் கையிலோ இருக்கும், அதைச் சொல்ல மனம் வராமல் "பென்ஷன் வரல" என்று மட்டும் சொல்வார்கள். உங்களுக்கு அப்படி என்றால் "கைக்கு வரல" என்று எழுதுங்கள், நான் புரிந்துகொள்வேன், அதற்கும் வழி இருக்கிறது.

நான்கில் எது என்று உங்களுக்கே சரியாகத் தெரியவில்லை என்றாலும் ஒன்றும் குறைவில்லை. அதைச் சொல்வதற்குத்தான் பாஸ்புக் இருக்கிறது. வங்கிக்குப் போய் எட்டு ஒன்பது மாத வரவுகள் தெரிகிற மாதிரி பதிவு போட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அப்புறம் ஒவ்வொரு மாதக் கடைசியிலும் வந்த வரவை மட்டும் பென்சிலில் வட்டம் போடுங்கள். மொத்த இருப்பைப் பார்க்காதீர்கள், அது குழப்பும். எத்தனை வட்டம், ஒவ்வொன்றிலும் எவ்வளவு, எந்த மாதத்தில் மாறியது, இந்த மூன்று போதும்.

இது எப்படி உதவும் என்பதற்கு எங்கள் தெருவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. 2024 ஜூலை முதல் வாரம். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் ஸ்பின்னிங் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர், எழுபத்திரண்டு வயது, காலையில் வந்து திண்ணையில் உட்கார்ந்தார். "என்னங்க அண்ணா?" என்றேன். "பென்ஷனுங்க தம்பி" என்றார். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. டீ வந்தது, குடித்தார். நின்றுபோச்சுங்களா என்று கேட்டேன், இல்லை, வருகிறது என்றார். பிறகு என்ன என்றால், "கொறச்சுட்டாங்க தம்பி, ஆயிரம் ரூபாய" என்றார்.

இதற்கு முன்பே அவர் மூன்று பேரிடம் கேட்டிருக்கிறார். ஒருவர், அரசாங்கமே எல்லோருக்கும் குறைத்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார். இன்னொருவர், முன்பு அதிகமாகக் கொடுத்துவிட்டார்கள், அதை இப்போது பிடிக்கிறார்கள் என்றிருக்கிறார். மூன்றாமவர் வங்கியில் ஏதோ சார்ஜ் பிடிக்கிறார்கள் என்றாராம். மூன்றும் கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் பி.எஃப். பென்ஷனில் தொகை அப்படி மாதாமாதம் ஏறி இறங்குவதில்லை. அதில் பஞ்சப்படி கிடையாது, ஆரம்பத்தில் நிர்ணயித்த தொகைதான் வருடக்கணக்கில் அப்படியே வரும். அது ஏறவில்லையே என்கிற ஆதங்கம் வேறு விஷயம், நியாயமானதும்கூட. ஆனால் திடீரென்று சுத்தமாக ஆயிரம் ரூபாய் குறைந்தது என்றால் "குறைத்தார்கள்" என்பதை நான் உடனே நம்பமாட்டேன். சரியாக ஆயிரம் என்றதுமே எனக்கு ஒரு சந்தேகம், ஏனென்றால் 2014 செப்டம்பரில் இருந்து இந்தத் திட்டத்தில் குறைந்தபட்சப் பென்ஷன் ஆயிரம் ரூபாய்.

பாஸ்புக்கைக் கொண்டுவரச் சொன்னேன். பதிவு போடாமல் ஐந்து மாதம் ஆகியிருந்தது, போட்டு வாங்கிவந்தார். வட்டம் போட்டோம். பிப்ரவரிக் கடைசியில் இரண்டு வரவு, ஒன்று 1,940, இன்னொன்று 1,000. அதற்கு முந்தைய மாதங்களிலும் அதே இரண்டு. மார்ச் மாதத்துக்கு ஒன்றே ஒன்று, 1,940. ஏப்ரல், மே, ஜூனுக்கும் அதே ஒன்று. ஆக அவருடைய பென்ஷனில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. அவருக்கு இரண்டு பென்ஷன் வந்துகொண்டிருந்தது, அதில் ஒன்று நின்றுவிட்டது.

அந்த இரண்டாவது எது? அவருடைய மனைவியும் அதே மில்லில் கோன் வைண்டிங்கில் வேலை பார்த்தவர், அவருக்கும் தனியாகப் பென்ஷன் வந்தது, மாதம் ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம். 2022-இல் அந்த அம்மா இறந்துவிட்டார். பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்தவர் இறந்தால் கணவனுக்கோ மனைவிக்கோ அதில் பாதி வரும், பாதி ஆயிரத்துக்குக் கீழே போனால் ஆயிரமாகக் கொடுப்பார்கள். அவர் எழுதிக் கொடுத்து, தாள்கள் எல்லாம் சுற்றி, 2023 பிப்ரவரியில் இருந்து அது வர ஆரம்பித்தது. அண்ணனுக்கு இது நன்றாகத் தெரியும். ஆனால் இரண்டும் ஒரே கணக்கில் இறங்கியதால் நாளாவட்டத்தில் மனதுக்குள் "என் பென்ஷன் 2,940" என்று ஒன்றாகிவிட்டது. ஆயிரம் வராமல் போனதும் குறைத்துவிட்டார்கள் என்று தோன்றியதில் ஆச்சரியமே இல்லை.

ஏன் நின்றது? லைஃப் சர்டிபிகேட். "நான்தான் கார்த்திகையில கொடுத்தேனே தம்பி" என்றார், அதுவும் உண்மை. ஆனால் அவர் கொடுத்தது அவருடைய பி.பி.ஓ.வுக்கு. மனைவி வழியாக வருகிற பென்ஷனுக்கு வேறு பி.பி.ஓ. எண், அதற்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். ஆள் ஒருவர்தானே, உயிர் ஒன்றுதானே என்று நமக்குத் தோன்றும், ஆனால் கணினியில் இரண்டும் இரண்டு தனித்தனிக் கோப்பு. ஒன்றில் போட்டது இன்னொன்றில் ஏறாது.

இன்னொரு சிக்கலும் இதில் உண்டு. முன்பெல்லாம் நவம்பர் என்றால் லைஃப் சர்டிபிகேட் மாதம், எல்லோரும் வரிசையில் நிற்போம். மத்திய அரசு பென்ஷன்காரர்களுக்கு இன்றும் அப்படித்தான். பி.எஃப். பென்ஷனுக்கு 2020-க்குப் பிறகு அந்த விதி இல்லை. எந்த மாதமும் கொடுக்கலாம், கொடுத்த நாளில் இருந்து ஒரு வருடம் செல்லும். இது சௌகரியம்தான், ஆனால் பழைய நவம்பர் பழக்கத்தில் இருப்பவர்களை இது மாட்டிவிடும். ஒருவர் ஆகஸ்டில் ஏதோ முகாம் நடந்தது என்று அங்கே கொடுத்துவிட்டால், அடுத்த வருடம் நவம்பர் வரட்டும் என்று காத்திருப்பார், ஆனால் ஆகஸ்டிலேயே கெடு முடிந்து பென்ஷன் நின்றுவிடும். எங்கள் அண்ணனின் இரண்டாவது பென்ஷனுக்குத் தாள்கள் கொடுத்தபோது அந்த ஒரு வருடக் கெடு ஓட ஆரம்பித்து, அது முடிந்ததும் பென்ஷன் நின்றது. நின்றது என்றால் ரத்தாகவில்லை, நிறுத்தி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். சான்று போய்ச் சேர்ந்ததும் நின்ற மாதங்களுக்கும் சேர்த்து வரும்.

இதை விளக்கியதும் அவர், "இல்லீங்க தம்பி, பையன் மே மாசமே போட்டுக் கொடுத்துட்டானே, சீட்டுகூட இருக்கு" என்றார். எனக்கே ஒரு நிமிடம் ஒன்றும் ஓடவில்லை. சீட்டை வாங்கிப் பார்த்தேன். ஒரு சென்டரில் ஆதாரை வைத்துப் போட்ட டிஜிட்டல் லைஃப் சர்டிபிகேட், `Jeevan Pramaan` என்று அச்சாகியிருக்கிறது, சான்றின் எண்ணான `Pramaan ID` இருக்கிறது, போனுக்குக் குறுஞ்செய்தியும் வந்திருக்கிறது. பிறகு ஏன் பணம் வரவில்லை? அந்தச் சீட்டிலேயே பி.பி.ஓ. எண் இருக்கும் இடத்தைப் பார்த்தோம். கடைசி நான்கு இலக்கம் அவருடைய சொந்த பி.பி.ஓ. எண். பென்ஷன் வகை என்கிற இடத்தில் `Service` என்று இருந்தது. சென்டரில் இருந்த பிள்ளை அண்ணனிடம் கேட்டதற்கு அவர் வழக்கமாகக் கொண்டுபோகிற தாளைக் கொடுத்திருக்கிறார், அந்தப் பிள்ளையும் அதைப் பார்த்துப் போட்டிருக்கிறது. மே மாதம் போட்டதும், முந்தைய நவம்பரில் ஏற்கெனவே போட்டிருந்த பென்ஷனுக்கே இன்னொரு முறை போய்ச் சேர்ந்தது. நின்றுபோன பென்ஷன் அப்படியே நின்றது.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள், உங்கள் கஷ்டமும் இதுவாக இருக்கலாம். `Pramaan ID` வந்துவிட்டது என்றால், உங்கள் விரல் ஆதாரோடு பொருந்தியது, சான்று உருவானது என்று மட்டும்தான் அர்த்தம். அது எந்தப் பி.பி.ஓ.வுக்கு, எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் போடுகிறவர் திரையில் தேர்ந்தெடுப்பது. அங்கே தப்பு நடந்தாலும் சீட்டு வரும், குறுஞ்செய்தி வரும், எல்லாம் முடிந்த மாதிரியே தெரியும். பென்ஷன் கொடுக்கிற அலுவலகம் அதை ஏற்றுக்கொண்டதா என்பது தனி விஷயம். ஆகவே சீட்டு கையில் கிடைத்ததும் அங்கேயே நின்று பி.பி.ஓ. எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தையும், கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தையும் உங்கள் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குடும்பப் பென்ஷன் என்றால் வகையில் `Family` என்று இருக்க வேண்டும். மறுமணம் ஆகிவிட்டதா என்று ஒரு கேள்வியும் அதில் வரும், அதில் கை தவறி ஆம் என்று போய்விட்டால் பெரிய தலைவலி, அதையும் பார்த்துவிடுங்கள்.

மனைவியின் பி.பி.ஓ. தாள் எங்கே என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை, பீரோவில் எங்கேயோ. தேடிக்கொண்டிருக்க வேண்டாம் என்று பி.எஃப். இணையதளத்தில் `Pensioners' Portal` பகுதிக்குப் போய் `Know Your PPO No.` என்பதில் அவருடைய வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுத்துப் பார்த்தோம், எண் கிடைத்தது. மனைவியின் பழைய பி.எஃப். எண்ணைக் கொடுத்தும் தேடலாம். உங்கள் தாள் தொலைந்திருந்தால் அதற்காகப் பயப்பட வேண்டாம்.

அப்புறம் சர்டிபிகேட் போடப் போனோம். விரல் ஏறவில்லை. முப்பது வருடம் நூலோடும் இயந்திரத்தோடும் புழங்கிய கை, ரேகை தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. நவம்பரிலும் மே மாதத்திலும் எப்படி ஏறியது என்றால், அப்போது ஏதோ ஒரு விரல் ஏறியிருக்கிறது, எது என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. கட்டைவிரலையே திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்துவிட்டு "வரலைங்க, போயிட்டு நாளைக்கு வாங்க" என்பார்கள், அதைக் கேட்டதும் நம்மவர்கள் எழுந்து வந்துவிடுவார்கள். பத்து விரலில் எதை வேண்டுமானாலும் வைக்கலாம். கையைக் கழுவித் துடைத்து, தோல் ரொம்ப வறண்டிருந்தால் லேசாக ஈரம் பட வைத்து, மோதிர விரல், சுண்டு விரல் வரைக்கும் முயற்சி செய்யச் சொல்லுங்கள். எங்களுக்கு அதுவும் ஆகவில்லை. ஆதாரில் அவர் விரல் பதிந்து வருடக்கணக்காகிறது, அதைப் புதுப்பிக்க ஆதார் மையத்துக்குப் போகலாம், ஆனால் அன்றைக்கே முடிக்க வேறு வழி இருந்தது.

முகத்தை வைத்துப் போடுவது. 2021-இல் இருந்து இந்த வசதி இருக்கிறது. போனில் `AadhaarFaceRD` என்கிற செயலியும், `Jeevan Pramaan` முகச் செயலியும் இருந்தால் போதும், விரல் கருவி வேண்டாம். என் போனிலேயே செய்தோம். முதல் இரண்டு தடவை ஆகவில்லை, ஏனென்றால் அவர் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார், முகம் இருட்டாக விழுந்தது. வெளிச்சம் முகத்தில் படும்படி திரும்பி உட்காரவைத்து, கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, பின்னால் வெறும் சுவர் இருக்கிற மாதிரி பார்த்துக்கொண்டோம். கண்ணைச் சிமிட்டச் சொல்லித் திரையில் வரும், அதை நான் அவருக்குச் சொல்ல மறந்துவிட்டேன், அவர் போட்டோவுக்கு நிற்பது போல் கண்ணை அகல விழித்துக்கொண்டே இருந்தார். சிமிட்டுங்கண்ணா என்றதும் ஆகிவிட்டது. இந்த முறை வகை `Family`, பி.பி.ஓ. எண் மனைவி வழியில் வந்தது, கொடுக்கும் அலுவலகம் பி.எஃப். மூன்றையும் நான் ஒரு முறையும், அவர் மகன் ஒரு முறையும் வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினோம்.

சில நாள் கழித்து அதே `Pensioners' Portal` பகுதியில் `Jeevan Pramaan Enquiry` என்பதில் பார்த்தோம், ஏற்றுக்கொண்டதாகக் காட்டியது. ஜூலைக் கடைசியில் 1,940 தனியாக வந்தது, கூடவே 5,000. மார்ச் முதல் ஜூன் வரை நின்ற நான்கு மாதமும் ஜூலையும் சேர்த்து. இதற்கு எந்த மனுவும் எழுதவில்லை, எந்த அலுவலகத்துக்கும் போகவில்லை.

ஆனால் பணம் வந்த அன்று அவர் என்னிடம் சொன்னது வேறு. அந்த ஆயிரம் ரூபாய் எவ்வளவு என்பதில்லை, அது அவர் மனைவி சம்பாதித்தது, மாதக் கடைசியில் அது தனி வரியாக வருகிறது என்பதே அவருக்கு ஒரு ஆறுதல். நான்கு மாதமாக அதைக் குறைத்துவிட்டார்கள் என்று நினைத்து ஒருவரிடமும் சரியாகச் சொல்ல முடியாமல் இருந்திருக்கிறார். "பென்ஷனுங்க தம்பி" என்று அவர் திண்ணையில் உட்கார்ந்தபோது அவ்வளவும் அந்தச் சொல்லுக்குள் இருந்தது. பொறுமையாகக் கேட்டிராவிட்டால் நானும் நாலாவது ஆளாக ஏதோ ஒரு காரணத்தைச் சொல்லி அனுப்பியிருப்பேன்.

உங்கள் விஷயம் இதுவே என்று நான் சொல்லவில்லை. மத்திய அரசுக் குடும்பப் பென்ஷன் வாங்குகிறவர் என்றால் "குறைந்துவிட்டது" என்பதற்கு வேறு காரணம் இருக்கும். பணியில் இருக்கும்போதோ ஓய்வு பெற்ற கொஞ்ச காலத்திலோ கணவர் இறந்திருந்தால், முதலில் சில வருடம் கடைசிச் சம்பளத்தில் பாதி கணக்கில் கூடுதலாகக் கொடுப்பார்கள், பிறகு அது முப்பது சதவீதக் கணக்குக்கு இறங்கும். அந்தத் தேதி பி.பி.ஓ.விலேயே எழுதியிருக்கும், பார்த்துக்கொள்ளலாம். அது தப்பாக நடந்த பிடித்தம் இல்லை. ஓய்வு பெற்றபோது பென்ஷனில் ஒரு பகுதியை மொத்தமாக வாங்கியிருந்தால் அதற்கான பிடித்தம் பதினைந்து வருடம் ஓடும், பதினைந்து முடிந்தும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தால் எழுதிக் கேட்க வேண்டும்.

பி.எஃப். பென்ஷன் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது சர்வீஸ். பத்து வருடம் நிறைந்திருந்தால்தான் மாதப் பென்ஷன், முழுத் தொகை 58 வயதில் இருந்து. படிவம் 10D கொடுத்தீர்களா என்பது அடுத்தது. இரண்டு மூன்று கம்பெனியில் மாறி மாறி வேலை பார்த்தவர்களுக்குப் பழைய கம்பெனியின் வருடங்கள் சேராமல் தனியாகக் கிடப்பது சாதாரணமாக நடக்கிறது, ஏழு வருடம் என்று காட்டுவது உண்மையில் பதினாறாக இருக்கும். அப்படி என்றால் எத்தனை இடத்தில் வேலை பார்த்தீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்.

வங்கி மாற்றியதால் நின்றதோ என்று சிலருக்குச் சந்தேகம் வரும். 2025 ஜனவரியில் இருந்து பி.எஃப். பென்ஷனை எந்த வங்கியின் எந்தக் கிளையிலும் வாங்கலாம், ஊர் மாறினால் பி.பி.ஓ.வை ஒரு அலுவலகத்தில் இருந்து இன்னொரு அலுவலகத்துக்கு அனுப்புகிற பழைய அலைச்சல் இப்போது இல்லை. நடக்க முடியாதவர் என்றால் தபால்காரர் வீட்டுக்கே கருவியோடு வந்து சர்டிபிகேட் போட்டுத்தருகிற ஏற்பாடும் இருக்கிறது, உங்கள் பகுதித் தபால் நிலையத்தில் சொல்லிவைக்கலாம்.

இவ்வளவையும் படித்துக் களைத்திருப்பீர்கள். இப்போதைக்கு ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். பாஸ்புக்கைப் பதிவு போட்டு வாங்கி, மாதக் கடைசி வரவுகளை வட்டம் போட்டு, எனக்கு இந்த மூன்றை எழுதுங்கள்: எங்கே வேலை பார்த்தீர்கள், கடைசியாகச் சரியாக வந்த மாதம் எது, அந்த மாதம் எத்தனை வட்டம். வட்டமே போட முடியவில்லை, பாஸ்புக் உங்களிடம் இல்லை என்றால் "பாஸ்புக் இல்லை" என்று எழுதுங்கள், அங்கிருந்து ஆரம்பிப்போம்.